பரு உள்ள கன்னத்தில் ரேஸரை எப்படி வைப்பது?

டாக்டர், எனக்கு 22 வயது. கோயம்புத்தூரில் ஒரு ஹோட்டலில் ஃப்ரண்ட் ஆபீஸ் வேலை. தினமும் க்ளீன் ஷேவ் செய்தால்தான் டியூட்டியில் நிற்க விடுவார்கள். கன்னத்திலும் தாடை ஓரத்திலும் நிறைய பரு. ஷேவ் செய்த மறுநாளே சுற்றிலும் புதுசு புதுசாகச் சிவந்து கிளம்புகிறது. இடது தாடையில்தான் ரொம்ப மோசம். மூன்று பிளேடு ரேஸர் போடுகிறேன், கடைசியில் படிகாரம் தேய்க்கிறேன். எரிச்சல் தாங்காமல் மெடிக்கலில் ஒரு க்ரீம் வாங்கிப் போட்டேன். இரண்டு நாளில் அடங்கியது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. ஒரு பருவிலிருந்து இன்னொரு இடத்துக்கு ரேஸர்தான் பரப்புகிறதா? தாடி விடவும் வழியில்லை. என்ன செய்வது?

தம்பி, இடது பக்கம்தான் மோசம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் வலது கைக்காரர் என்று நினைக்கிறேன். ரேஸரை வலது கையில் பிடிக்கும்போது வலது கன்னத்தில் மேலிருந்து கீழே இழுப்பது சுலபம். இடது தாடைக்குக் கை முகத்தைக் குறுக்கே தாண்டிப் போக வேண்டும். அங்கே மணிக்கட்டு திரும்பிக்கொள்ளும், ரேஸர் தன்னையறியாமல் கீழிருந்து மேலே, முடி வளரும் திசைக்கு எதிராக ஓடும். பருவுக்கு இடது வலது தெரியாது. ஒரு பக்கம் மட்டும் அதிகமாக இருக்கிறது என்றால் அந்த அதிகப்படிக்கு வெளியிலிருந்து ஏதோ ஒன்று காரணம். போனை அந்தக் கன்னத்தில் வைத்துப் பேசுவது, அந்தப் பக்கமாகவே படுப்பது இவையும் இருக்கலாம். ஆனால் ஷேவ் செய்த மறுநாள் கிளம்புகிறது என்று நீங்களே சொல்லிவிட்டதால் என் சந்தேகம் முதலில் ரேஸர் மேல்தான்.

பரப்புகிறதா என்ற கேள்விக்கு ஆமாம் என்றும் சொல்ல வேண்டும், இல்லை என்றும் சொல்ல வேண்டும். சாதாரண முகப்பரு ஒட்டுவாரொட்டி இல்லை. பருவோடு தொடர்புள்ள கிருமி எல்லோருடைய முகத்திலும், முடிக்குழிகளுக்குள் ஏற்கெனவே குடியிருக்கிறது. ரேஸர் அதைப் புதிதாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய அவசியமே இல்லை. அதோடு, ஒரு பரு கண்ணுக்குத் தெரிவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே உள்ளே எண்ணெய்ச் சுரப்பியின் வாய் அடைபடத் தொடங்கிவிடும். இன்று காலை வந்த உண்மையான பரு நேற்றைய ஷேவால் வந்தது கிடையாது.

அப்படியானால் மறுநாள் கிளம்புவது என்ன? அது இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, பிளேடு பருவின் தலையைச் சீவிவிட்டு அங்கே புண்ணாகியிருக்கும். புண்ணில் சீழ்பிடிக்கும் கிருமி வேறு. அது பிளேடு, பிரஷ், துண்டு மூலமாக நிஜமாகவே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும். இரண்டாவது, அது பருவே இல்லை. வெட்டிய முடி தோலுக்குள் சிக்கிக்கொண்டதால் வந்த முண்டு. ஷேவிங் முண்டு என்று வைத்துக்கொள்வோம். பருவும் முண்டும் ஒரே முகத்தில் கலந்து இருப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். இரண்டையும் பரு என்றே நினைத்து மருந்து போட்டால் பாதிதான் குறையும், பாதி அப்படியே நிற்கும்.

பிரித்துப் பார்ப்பது கஷ்டமில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடியைப் பிடித்து முதலில் நெற்றி, மூக்கு, அப்புறம் தோள்பட்டை, முதுகு பாருங்கள். ரேஸர் படாத இந்த இடங்களிலும் பரு, கரும்புள்ளி, வெண்புள்ளி இருந்தால் உங்களுக்கு முகப்பரு இருப்பது உறுதி. பிறகு தாடை ஓரத்தையும் கழுத்தையும் பாருங்கள். ஒரே அளவில் சின்னச் சின்னதாகச் சிவந்த முண்டுகள், சிலவற்றின் நடுவில் கறுப்பாக ஒரு முடி, சில இடத்தில் அந்த முடி வளைந்து மறுபடி தோலுக்குள்ளேயே நுழைந்திருப்பது தெரிந்தால் அது ஷேவிங் முண்டு. சுருட்டை முடிக்காரர்களுக்கு இது இன்னும் அதிகம். மூன்றாவதாக ஒன்று உண்டு. ஒவ்வொரு முடியின் அடியிலும் மஞ்சளாகச் சீழ் முனை, தொட்டால் வலி, காய்ந்தால் தேன் நிறத்தில் பொருக்கு. இது கிருமித்தொற்று. சலூனில் ஷேவ் செய்துகொண்ட சில நாட்களில் திடீரென்று இப்படி வந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அது ஆறும்வரை அந்த இடத்தில் ரேஸரே கூடாது.

இப்போது உங்கள் மூன்று பிளேடு ரேஸர். அது வழவழப்பாக எடுப்பதற்கு ஒரு காரணம் உண்டு. முன்னால் போகும் பிளேடு முடியைப் பிடித்துக் கொஞ்சம் வெளியே இழுக்கும். அது திரும்ப உள்ளே போவதற்குள் பின்னால் வரும் பிளேடு வெட்டிவிடும். வெட்டிய முனை தோல் மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடும். தடவிப் பார்த்தால் பட்டுப்போல இருக்கும். ஆனால் சாய்வாக வெட்டுப்பட்டுக் கூர்மையாகிவிட்ட அந்த முனை, மறுபடி வளரும்போது வாசல் வழியாக வெளியே வராமல் பக்கச் சுவரைக் குத்தும். உடம்பு அதை முள் தைத்த மாதிரி எடுத்துக்கொண்டு சிவந்து வீங்கும். ஷேவ் செய்து ஓரிரு நாளில் வருவது இதனால்தான். தோலை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஷேவ் செய்தாலும், எதிர்த்திசையில் இழுத்தாலும் இதே கதைதான். பரு உள்ள முகத்தில் இன்னொரு தொல்லை சேரும். பரு என்பது மேடு. மூன்று பிளேடு வரிசையாக ஒரு மேட்டின் மேல் ஏறினால் ஒரே இழுப்பில் மூன்று தடவை சீவுகிறது.

அதனால் உங்களுக்கு முதல் யோசனை, ரேஸரைக் கொஞ்ச நாள் ஒதுக்கிவைத்து ட்ரிம்மர். மேலே சீப்பு மாட்டாமல் வெறும் ட்ரிம்மரை ஓட்டினால் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் முடி நிற்கும். தாடி ஒரு நாளைக்கு வளர்வதே ஏறக்குறைய அவ்வளவுதான். ரிசப்ஷன் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கும் விருந்தினருக்கு அது முந்தின நாள் செய்த ஷேவ் மாதிரித்தான் தெரியும். முனை தோலுக்கு வெளியே நிற்பதால் உள்ளே குத்தாது. முகம் காய்ந்திருக்கும்போது, அழுத்தாமல், தோல் மேல் மிதக்கவிட்டு ஓட்டுங்கள். பருவின் மேல் ட்ரிம்மர் பல்லை அழுத்தினால் அதுவும் கீறும். மேட்டின் பக்கத்திலிருந்து சாய்வாக முடியை மட்டும் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் தலைப்பகுதியைத் தட்டி, பிரஷால் முடியை எடுத்து, பஞ்சில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டுப் பல்லைத் துடைத்துக் காயவிடுங்கள். அறையில் இருக்கும் நண்பரிடம் கடன் வாங்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம்.

மேலதிகாரி ஒத்துக்கொள்ள மாட்டார் என்ற பயம் இருந்தால் தோல் டாக்டரிடம் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு "ட்ரிம்மர் மட்டும்" என்று ஒரு கடிதம் கேளுங்கள். நாங்கள் வழக்கமாகக் கொடுப்பதுதான். தாடி வைக்க அனுமதி கேட்பதைவிட, ட்ரிம் செய்த முகத்துக்கு அனுமதி கேட்டால் மேலாளர்கள் சீக்கிரம் ஒத்துக்கொள்கிறார்கள் என்பது என் அனுபவம்.

அதற்கும் வழியில்லாத ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் வயதுதான். கப்பல் வேலைக்கான பயிற்சியில் இருந்தார். அங்கே தீயணைப்புப் பயிற்சியில் மூச்சுக் கருவியின் முகமூடி அணிய வேண்டும். முகமூடியின் ஓரம் கன்னத்திலும் தாடையிலும் காற்று புகாமல் ஒட்ட வேண்டும் என்பதால் அரை மில்லிமீட்டர் முடிகூட அவருக்கு ஆகாது. ரேஸர்தான் ஒரே வழி. வலது கன்னத்தில் நாலைந்து பரு. இடது தாடையில் எண்ணினால் பதினான்கு. இரண்டு மாதமாக ஒரே கார்ட்ரிட்ஜ். விடுதியில் உப்புக் கரிக்கும் போர் தண்ணீர், சோப்பு நுரைக்கவே நுரைக்காது. ஷேவிங் பிரஷ் அறையில் மூன்று பேருக்குப் பொது.

நான் அவரிடம் ஒரு மூடிபோட்ட பேனாவைக் கொடுத்து, "தினமும் எப்படி ஷேவ் செய்வீங்களோ அப்படியே செய்து காட்டுங்க" என்றேன். வலது பக்கம் அழகாக மேலிருந்து கீழே வந்தது. இடது தாடைக்குப் போனதும் பேனா கீழிருந்து மேலே நாலு தடவை ஏறியது. "நீங்க எதிர்த்திசையில போறீங்க" என்றபோது அவருக்கே ஆச்சரியம். அவருக்குச் சொன்ன முறையைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன். ரேஸர் போட்டே ஆக வேண்டிய நாட்களில் இதைப் பின்பற்றுங்கள்.

முதலில் முடி எந்தப் பக்கம் வளர்கிறது என்று தெரிய வேண்டும். லீவு சேர்ந்தாற்போல வரும் இரண்டு நாள் ஷேவ் செய்யாமல் விட்டு, விரல் நுனியால் எல்லாத் திசையிலும் தடவிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போகும் திசைதான் முடியின் திசை. சொரசொரவென்று தடுப்பது எதிர்த்திசை. விரலுக்குச் சரியாகத் தெரியாவிட்டால் ஒரு சிறு பஞ்சை இழுத்துப் பாருங்கள், எதிர்த்திசையில் சிக்கும். கன்னத்தில் பெரும்பாலும் கீழ்நோக்கித்தான் இருக்கும். தாடை எலும்பைத் தாண்டியதும் குழப்பம் ஆரம்பிக்கும். கழுத்தில் பலருக்கு முடி மேல்நோக்கியோ காதை நோக்கியோ வளர்கிறது. முகம் முழுக்க மேலிருந்து கீழே என்று ஒரே விதி வைத்துக்கொண்டால் கழுத்தில் எதிர் ஷேவ் ஆகிவிடும். ஒரு தாளில் முகத்தை வரைந்து அம்புக்குறி போட்டுக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிவையுங்கள். அந்தப் பையனும் அப்படித்தான் ஒட்டிவைத்தார்.

ஷேவுக்கு நேரம் குளித்து முடித்த உடனே. தாடி முடி இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரில் ஊறினால் மென்மையாகிவிடும், பிளேடு இழுக்காமல் வெட்டும். குளிக்க நேரமில்லை என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை அவ்வளவு நேரம் முகத்தில் வைத்திருங்கள். கொதிக்கும் சூடு வேண்டாம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் முகத்துக்கு மட்டும் ஒரு சொம்பு குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கடினத் தண்ணீரில் நுரை வராது, நுரைக்குப் பதில் வெள்ளைப் படிவுதான் மிஞ்சும். அதன் மேல் பிளேடு வழுக்காது. மக்கில் நாலு சொட்டு ஆன்டிசெப்டிக் ஊற்றும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. பரு முகத்தில் அது எரிச்சலைத்தான் கூட்டும். அதை விட்டுவிடுங்கள்.

பிரஷையும் ஓரம் வையுங்கள். பருவின் மேல் பிரஷை வட்டமாகச் சுழற்றினால் தோலைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்குகிறோம் என்று அர்த்தம். வாசனையும் மெந்தால் குளிர்ச்சியும் இல்லாத ஷேவிங் ஜெல் அல்லது க்ரீமை விரலால் தடவி, ஒரு நிமிடம் அப்படியே விடுங்கள். முதலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் வழுக்கும் என்று சிலர் சொல்வார்கள். வழுக்கும்தான், ஆனால் பரு வரும் தோலில் அதே எண்ணெய் முடிக்குழியின் வாயை அடைக்கும்.

பிளேடு ஒன்றே ஒன்று போதும். தாத்தா காலத்து இரும்பு ரேஸர் இன்னும் கடையில் கிடைக்கிறது, இரண்டு பக்கமும் கூரான ஒற்றை பிளேடு மாட்டுவது. பிளேடு விலை சில ரூபாய்தான் என்பதால் மாற்ற மனசு வரும். அதுவே பெரிய லாபம். பரு அடங்கும்வரை மூன்று ஷேவுக்கு ஒரு பிளேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். சீழ் முனையில் தவறிப் பட்டுவிட்டால் எத்தனையாவது ஷேவ் என்று பார்க்காமல் அன்றே தூக்கிப் போட்டுவிடுங்கள். முதல் தடவை இந்த ரேஸரைப் பிடிக்கும்போது கன்னத்தின் தட்டையான, பரு இல்லாத இடத்தில் பழகுங்கள். கார்ட்ரிட்ஜை அழுத்திப் பழகிய கை, இதையும் அழுத்தினால் வெட்டிவிடும். ரேஸரின் எடையே போதும், நீங்கள் திசையை மட்டும் காட்டினால் சரி.

பரு இல்லாத இடங்களை முதலில் முடியுங்கள். பரு கூட்டமாக இருக்கும் தாடை கடைசியில். அதற்குள் அங்கே முடி இன்னும் நன்றாக ஊறியிருக்கும், அங்கிருந்து எதையும் பிளேடு வேறு இடத்துக்குச் சுமந்து போகவும் வாய்ப்பில்லை. ஒரு விரல் அகலத்துக்குச் சின்னச் சின்ன இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் பிளேடை அலசுங்கள். இடது தாடைக்கு மட்டும் கண்ணாடியில் தலையைக் கொஞ்சம் திருப்பி, முழங்கையை உயர்த்தி, ரேஸர் மேலிருந்து கீழே வரும்படி பிடித்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் வசதியாக இருக்காது. தோலை இழுத்துப் பிடிக்காதீர்கள். நுரை போன இடத்தில் இரண்டாம் தடவை ஓட்டாதீர்கள். கொஞ்சம் சொரசொரப்பு மிஞ்சினால் மிஞ்சட்டும்.

சரி, பருவின் மேல் இருக்கும் முடியை என்ன செய்வது? எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். சீழ் முனை உள்ள பரு, ஆழமாக உருண்டு வலிக்கும் கட்டி, பொருக்கு இவற்றின் மேல் பிளேடு போகவே கூடாது. சுற்றி நாலு பக்கமும் ஓரம்வரை வந்து நிறுத்திவிடுங்கள். நடுவில் தீவு மாதிரி நாலைந்து முடி நிற்கும். முகம் கழுவிக் காய்ந்த பிறகு அந்த முடிகளை மீசை வெட்டும் சின்னக் கத்தரியால், நுனி தோலில் படாமல் நறுக்கிவிடுங்கள். முனையில்லாத சின்னச் சிவப்புப் பருவாக இருந்தால் புது பிளேடால், நுரை இருக்கும்போதே, முடியின் திசையில் ஒரே ஒரு தடவை மெல்லப் போகலாம். ஷேவுக்கு வசதியாக இருக்கட்டும் என்று பருவைக் கிள்ளித் தட்டையாக்கிவிட்டு ஷேவ் செய்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். நம் தோல் நிறத்துக்கு ஒவ்வொரு கிள்ளலும் மாதக்கணக்கில் நிற்கும் கருந்தழும்பு. பரு பத்து நாளில் போய்விடும், அதன் அடையாளம் தீபாவளி தாண்டியும் இருக்கும். தோலுக்குள் வளைந்த முடியையும் ஊசியால் தோண்டாதீர்கள். வளையம் தோலுக்கு மேலேயே தெரிந்தால் அதைச் சுத்தமான முனையால் மெல்ல விடுவித்துவிட்டால் போதும், வேரோடு பிடுங்கினால் அடுத்த முடி மறுபடி உள்ளேதான் குத்தும்.

முடித்ததும் குளிர்ந்த தண்ணீரில் கழுவி, துவைத்த மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். குளியல் துண்டால் துடைக்க வேண்டாம். படிகாரம் தேய்ப்பதாக எழுதியிருந்தீர்கள். அது தோலைச் சுருக்கி ரத்தத்தை நிறுத்தும், அதில் சந்தேகமில்லை. வெட்டுப்பட்ட ஒரு புள்ளியில் தொட்டு எடுக்கலாம். ஆனால் முகம் முழுக்கத் தேய்த்தால் தோல் வறண்டு இறுகும், பருவுக்குப் போடும் மருந்தும் சேரும்போது உரியத் தொடங்கும். ஈரக் கட்டியை அப்படியே வைத்துவிட்டு நாளை மறுபடி தேய்ப்பது, சலூனில் எல்லோருக்கும் பொதுக் கட்டி, இவை இன்னும் மோசம். ஸ்பிரிட் கலந்த ஆஃப்டர்ஷேவும் அதே மாதிரிதான். அந்த எரிச்சல் கிருமி சாவதன் அடையாளம் என்று நினைக்கிறோம், உண்மையில் தோலின் மேல் தடுப்பு கிழிந்திருப்பதன் அடையாளம். எண்ணெய் இல்லாத, வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் ஒரு பட்டாணி அளவு தடவுங்கள். வெயிலில் போவதாக இருந்தால் ஜெல் வகை சன்ஸ்கிரீன், எஸ்.பி.எஃப். 30. கருந்தழும்பு மேலும் கறுக்காமல் இருக்க அது உதவும்.

மெடிக்கலில் வாங்கிய க்ரீம்தான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது. இரண்டு நாளில் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்புகிறது என்பது பெரும்பாலும் ஸ்டீராய்டு க்ரீமின் குணம். டியூபைத் திருப்பிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் இதில் எந்தப் பெயர் இருந்தாலும் அது ஸ்டீராய்டுதான், கூடவே கிருமிக்கும் பூஞ்சைக்கும் மருந்து கலந்திருந்தாலும் சரி. சிவப்பை அடக்கும், ஆனால் தொடர்ந்து போட்டால் அதுவே பருவைக் கிளப்பும், தோலை மெலிய வைக்கும். மெலிந்த தோலில் எந்த ரேஸரும் எரியும். எரிச்சலுக்கு மறுபடி அதே க்ரீம் என்று சுற்றிக்கொண்டே இருப்பீர்கள். ஓரிரு வாரம் மட்டும் போட்டிருந்தால் இன்றே நிறுத்திவிடலாம். மாதக்கணக்கில் போட்டிருந்தால் நிறுத்தியதும் சில நாட்களில் முகம் நெருப்பாகச் சிவந்து, பரு ஒரேயடியாகக் கிளம்பும். அந்த நேரத்தில் துணைக்கு வேறு மருந்து வேண்டும் என்பதால் டாக்டரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். அந்த வாரங்களில் ட்ரிம்மர் தவிர வேறெதுவும் வேண்டாம்.

பருவுக்கான மருந்து பற்றியும் கொஞ்சம், ஏனென்றால் ஷேவை எவ்வளவு திருத்தினாலும் பரு தானாகக் குறையாது. பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீத ஜெல் தொடங்குவதற்கு நல்லது. அதிக சதவீதம் வாங்கினால் எரிச்சல்தான் அதிகம், பலன் அதே அளவில் கூடுவதில்லை. இரவில் வைக்கும் அடாபலீன் 0.1 சதவீதம் அடைப்பைத் திறக்கும், ஷேவிங் முண்டுக்கும் உதவும். ஆனால் முதல் சில வாரம் தோல் வறண்டு உரியும், அந்தத் தோலில் பிளேடு எளிதில் கீறும். அதனால் இரண்டையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். முதல் இரண்டு வாரம் ஷேவ் முறையை மட்டும் மாற்றிக்கொண்டு பென்சாயில் பெராக்சைடை ஒருநாள் விட்டு ஒருநாள் வையுங்கள். தோல் பழகிய பிறகு, டாக்டர் சொன்னால், அடாபலீனை வாரத்தில் மூன்று இரவு. முகம் கழுவி நன்றாகக் காய்ந்த பின் முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி. ஷேவ் காலையில், மருந்து இரவில் என்று இடைவெளி இருக்க வேண்டும். ஷேவ் செய்த கையோடு எந்தப் பரு மருந்தும் வேண்டாம். உரிந்துகொண்டிருந்தால் இரண்டு இரவு மருந்தை நிறுத்தி மாய்ஸ்சரைசர் மட்டும். பென்சாயில் பெராக்சைடு துணியின் சாயத்தை வெளுக்கும். யூனிஃபார்ம் காலரிலும் தலையணை உறையிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வலியோடு ஆழமாக உருளும் கட்டிகள் இருந்தாலோ, பள்ளம் விழத் தொடங்கியிருந்தாலோ இந்தக் களிம்புகள் போதாது, மாத்திரை தேவைப்படும். ஐசோட்ரெட்டினோயின் எழுதிக் கொடுத்தால், அதைச் சாப்பிடும் காலத்தில் தோல் வறண்டு எளிதில் காயப்படும் என்பதை நினைவில் வைத்து ட்ரிம்மரோடு நில்லுங்கள். சலூனில் த்ரெட்டிங், ஸ்க்ரப் எதற்கும் உட்கார வேண்டாம்.

சலூனுக்குப் போயே ஆக வேண்டிய நாள் வந்தால் கூச்சப்படாமல் மூன்று விஷயம் சொல்லுங்கள். உங்கள் கண்முன்னே புது பிளேடு மாட்ட வேண்டும், நுரையைக் கையால் போட வேண்டும், எதிர் ஷேவ் வேண்டாம். "அண்ணே, பரு இருக்கு, ஒரே ரவுண்டு போதும்" என்றால் அவருக்குப் புரியும். முடித்ததும் ஸ்டீம், மசாஜ் என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கப்பல் பயிற்சிப் பையனுக்கு இடது தாடையில் இருந்த சின்ன முண்டுகள் மூன்றாவது வாரத்தில் ஏறக்குறைய காணாமல் போயின. பதினான்கில் நான்குதான் உண்மையான பரு என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த நான்கும் வலது பக்கம் இருந்தவையும் அடங்க மருந்தோடு மூன்று மாதம் ஆனது. கருந்தழும்பு மங்க அரை வருடத்துக்கு மேல். நடுவில் இரண்டாவது வாரம் அவர் பயந்துபோய் வந்தார், இன்னும் வருகிறதே என்று. பழைய முடி தோலுக்குள் சிக்கியிருப்பது வெளியே வர அவ்வளவு நாள் பிடிக்கும். உங்களுக்கும் அந்த இரண்டாவது வாரம் வரும், அப்போது பழைய ரேஸரை எடுத்துவிடாதீர்கள். நான்கு வாரம் ஒழுங்காகச் செய்தும் இடது வலது வித்தியாசம் அப்படியே இருந்தால் என் ஊகம் தவறு என்று அர்த்தம். அப்போது நேரில் தோல் டாக்டரைப் பாருங்கள். போகும்போது அந்த க்ரீம் டியூபையும், இப்போது பயன்படுத்தும் ரேஸரையும் கையோடு எடுத்துப் போங்கள். ஷேவ் செய்து இரண்டாம் நாளாக இருந்தால் இன்னும் நல்லது, பார்ப்பவருக்கு எல்லாம் தெளிவாகத் தெரியும்.